எண்ணெய் எப்போது உள்ளே போகிறது? – டெஃபிசிட்டில் இருக்கும்போது ஹோட்டல் டிபன்

ஒரு நாளைக்கு 400 கலோரி டெஃபிசிட் என்று வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் முதலில் ஒரு சின்ன கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெயோ நெய்யோ, 1 கிராம் கொழுப்பு 9 கலோரி. 400ஐ 9ஆல் வகுத்தால் 44 கிராம் வருகிறது. சமையலறையில் இருக்கும் பெரிய ஸ்பூனால் (டீஸ்பூன் இல்லை, அதைவிட மூன்று மடங்கு பெரியது) மூன்று ஸ்பூன். அவ்வளவுதான். நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுச் சேர்த்த பற்றாக்குறை மூன்று ஸ்பூன் எண்ணெயில் காணாமல் போய்விடும். வீட்டில் தாளிக்கும்போது எத்தனை ஸ்பூன் என்று நமக்குத் தெரியும். ஹோட்டலில் தெரியாது. சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அலுவலக நண்பர் ஒருவருக்கு நான்கு வாரமாக எடை அசையவில்லை. வார நாட்களில் வீட்டுச் சாப்பாடு, ஒழுங்காக எடை போட்டு ஆப்பில் பதிகிறார். சனி, ஞாயிறு காலை மட்டும் ஹோட்டல் டிபன். அவருடைய பதிவைக் காட்டினார். சனிக்கிழமை காலை, "தோசை – 1 – 133 கலோரி, வடை – 1 – 97, காபி – 1 – 60". மொத்தம் 290. அவர் சாப்பிட்டது நெய் ரோஸ்ட். அந்த 133 யாரோ ஒருவர் எங்கோ ஒரு வீட்டுத் தோசைக்குப் போட்ட கணக்கு. இந்த மாதிரி ஆப்களில் பல பதிவுகள் பயனர்கள் ஏற்றியவை. சரி, நம்பகமான அட்டவணையைப் பார்க்கலாம் என்றால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை அரிசிக்கும் உளுந்துக்கும் கணக்குச் சொல்கிறது. நெய் ரோஸ்ட்டுக்குச் சொல்லாது, சொல்லவும் முடியாது. மாஸ்டருக்கு மாஸ்டர் அது மாறும்.

குறைத்துப் பதிவது ஏதோ இவர் ஒருவருடைய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்துப் பார்த்ததில், அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவ்வளவுதான் சாப்பிட்டோம் என்று நம்பினார்கள். ஹோட்டல் சாப்பாட்டில் இந்த நம்பிக்கைக்கு நிறையவே இடம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது நம் ஊர் சைவ டிபன் ஹோட்டலை மட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நாம் போகும் இடம் அதுதான்.

மாவு கண்ணுக்குத் தெரியும்

அளவை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் சுலபம். ஒன்று தானியம், அதாவது அரிசி, உளுந்து, ரவை, மைதா. இன்னொன்று கொழுப்பு. தானியத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு கிலோ அரிசியும் உளுந்துமாக ஊறவைத்து அரைத்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோ மாவு வரும். அப்படியென்றால் 100 கிராம் மாவில் 40 கிராம் தானியம். காய்ந்த தானியம் எதுவாக இருந்தாலும் 100 கிராமுக்கு 350 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக 100 கிராம் மாவு என்றால் 140 கலோரி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் இட்லி, தோசை, ஊத்தப்பம் எல்லாவற்றுக்கும் அது போதும்.

ஹோட்டல் இட்லி வீட்டு இட்லியைவிடப் பெரியது. நான் பார்சல் வாங்கி எடை போட்டவரை ஒன்று 60 முதல் 70 கிராம் வருகிறது. மேல் எல்லையில் வைத்துக்கொண்டாலும் ஒரு இட்லி 95 கலோரி. இட்லியில் எண்ணெய் கிடையாது, தட்டில் தடவியது மட்டும்தான். அதனால் இட்லிக்கு இந்தக் கணக்கு கிட்டத்தட்ட முழுக் கணக்கு.

தோசையில்தான் கண் ஏமாறுகிறது. இரண்டடி நீளத்துக்குப் பேப்பர் ரோஸ்ட் வருகிறது, பக்கத்தில் சின்னதாக ஒரு கல்தோசை. எது அதிகம்? மாவைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்காது. மாஸ்டர் கையில் இருப்பது அதே கிண்ணம்தான். ஒருமுறை முகர்ந்து ஊற்றி, மெல்லியதாக இழுத்தால் ரோஸ்ட், இழுக்காமல் விட்டால் கல்தோசை. ரோஸ்ட்டுக்குக் கிண்ணம் நிறைய எடுப்பார், கல்தோசைக்குக் கொஞ்சம் குறைவாக எடுப்பார். 130 கிராமும் 90 கிராமும் என்று நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். மாவினால் வரும் வித்தியாசம் 55 கலோரிதான்.

ஆனால் பரப்பு? அது மூன்று நான்கு மடங்கு. எண்ணெய் ஊற்றுவது மாவின் எடையைப் பார்த்து அல்ல, பரப்பைப் பார்த்துத்தான். கல் முழுக்கப் பரவிய தோசைக்குக் கல் முழுக்க எண்ணெய் போக வேண்டும், இல்லையென்றால் நடுவில் வெளுத்து ஓரத்தில் கருகும். எனவே நீளமாக, மெல்லியதாக வரும் எதுவும் மாவில் ஏமாற்றவில்லை, எண்ணெயில்தான் ஏமாற்றுகிறது. "பேப்பர் மாதிரி இருக்கு, லைட்டா இருக்கும்" என்று ஆர்டர் செய்வது நேர் தலைகீழ்.

எண்ணெய் மூன்று நேரத்தில் உள்ளே போகிறது

ஒரு பண்டத்தைப் பார்த்து "இதில் எண்ணெய் எவ்வளவு" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எண்ணெய் எப்போது போட்டார்கள்" என்று கேட்டால் கிடைக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் சொன்னால் அதை மாற்ற முடியுமா முடியாதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் வகை, நீங்கள் ஆர்டர் செய்த பிறகு ஊற்றுவது. தோசை வகைகள் எல்லாம் இதில் வரும். பொடி இட்லி, நெய் இட்லியும்தான். இங்கே மட்டும்தான் சர்வரிடம் சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது.

திறந்த சமையலறை உள்ள ஹோட்டல் என்றால் தோசைக்கல் பக்கமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் கல்லைத் துடைத்து, வரிசையாக ஆறு தோசை ஊற்றுவார். பிறகு மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலாலோ, நீண்ட மூக்கு வைத்த டின்னாலோ ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுற்று. ரோஸ்ட் என்றால் இரண்டு சுற்று. நெய் ரோஸ்ட் என்றால் அதற்கு மேல் ஒரு சின்னக் கரண்டி நெய், மடிக்கும் முன் தேய்ப்பு. நான் வீட்டில் அதே மாதிரி மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் எண்ணெய் நிரப்பி, எடை மெஷினில் கிண்ணத்தை வைத்து, அவர் சுற்றும் வேகத்தில் சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 5 முதல் 7 கிராம். பத்துத் தடவை செய்து எடுத்த சராசரி 6. துல்லியம் என்று சொல்ல மாட்டேன், மாஸ்டர் பாட்டிலின் ஓட்டை பெரியதாக இருக்கலாம். ஆனால் இரண்டு சுற்று 12, ஒரு கரண்டி நெய் 13 என்று கூட்டினால் நெய் ரோஸ்ட்டுக்கு 25 கிராம் கொழுப்பு. கொஞ்சம் கல்லிலேயே தங்கும், கொஞ்சம் தட்டில் ஒட்டும். அதைக் கழிக்காமல் விடுவதே டெஃபிசிட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "ரோஸ்ட் ஒண்ணு, எண்ணெய் கம்மியா" என்றால் பெரும்பாலும் நடக்காது. மாஸ்டர் மேல் தப்பில்லை. முறுகலும் அந்தச் சிவந்த நிறமும் எண்ணெய் இல்லாமல் ஒரே சீராக வராது. ரோஸ்ட் என்று சொல்லிவிட்டீர்கள், ரோஸ்ட்டுக்கு வேண்டியதை அவர் ஊற்றத்தான் செய்வார். எண்ணெய் தேவையே இல்லாத பண்டத்தைக் கேட்டால்தான் எண்ணெய் குறையும். "ஒரு கல்தோசை, எண்ணெய் இல்லாம, மேல நெய்யும் வேண்டாம்ணே" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் வேண்டாம் என்று மட்டும் சொன்னால், பளபளப்புக்காகக் கடைசியில் நெய் தடவி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்கள் கணக்கில் நெய் எண்ணெய் இல்லை.

தட்டு வந்த பிறகு சரிபார்ப்பதும் சுலபம். தோசையை எடுத்த இடத்தில் வாழையிலைத் துண்டைப் பாருங்கள். ஈரம் என்றால் முத்து முத்தாக நிற்கும், ஒரு நிமிடத்தில் காய்ந்தும் போகும். எண்ணெய் படலமாகப் பரவி அப்படியே இருக்கும்.

இரண்டாம் வகை, பொரிக்கும்போது போவது. வடை, பூரி, பஜ்ஜி, போண்டா. இங்கே சொல்லி மாற்ற எதுவும் இல்லை. ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது, அது விட்ட துளைகளில் எண்ணெய் போய் உட்காருகிறது. எண்ணெய்க்குள் இருக்கும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது, அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதாவது எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே போவது கடாயில் அல்ல, கடாயை விட்டு வந்த முதல் சில நிமிடங்களில். ஆகவே ஜல்லிக்கரண்டியில் நன்றாக வடியவிட்டு உதறி எடுக்கும் இடத்து வடைக்கும், அள்ளி அப்படியே தட்டில் குவிக்கும் இடத்து வடைக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. குவியலில் அடியில் கிடக்கும் வடை மேலே இருப்பவற்றின் எண்ணெயையும் வாங்கிக்கொள்ளும்.

டிஷ்யூவில் ஒற்றி எடுப்பது பற்றிக் கேட்பார்கள். சூடாக வந்த உடனே ஒற்றினால் கொஞ்சம் பலன் உண்டு, பத்து நிமிடம் கழித்து ஒற்றினால் மனத்திருப்திதான். உள்ளே போனது வராது. 60 கிராம் எடையுள்ள மெதுவடையில் உளுந்து 25 கிராம், எண்ணெய் 8 கிராம் என்று வைத்து 160 கலோரி என்று பதிகிறேன். பிட்டுப் பார்க்கும்போது உட்புறம் வெள்ளையாகப் பஞ்சு போல இருந்தால் இந்தக் கணக்கு சரி. உள்ளேயும் மஞ்சளித்து விரலில் பிசுபிசுத்தால் எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டிருக்கிறார்கள், 200 என்று போட்டுவிடலாம்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. விடிகாலையில் அண்டாவிலேயே போட்டு முடித்துவிட்டது. பொங்கல், குருமா, கிச்சடி, கேசரி, பிரியாணி. நீங்கள் ஆர்டர் செய்யும்போது எல்லாம் முடிந்துவிட்டது. "பொங்கல்ல நெய் கம்மியா" என்று சொன்னால் சர்வர் சிரிப்பார். இங்கே உங்கள் கையில் இருப்பது அளவு ஒன்றுதான். பாதி சாப்பிடலாம், அல்லது வேறு வாங்கலாம்.

பொங்கல் கண்ணுக்குச் சாதுவாகத்தான் தெரியும். வெள்ளையாக, குழைவாக, நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சி மாதிரி. குழைந்த அரிசியும் பாசிப்பருப்பும் நெய்யை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வதால் மேலே மிதக்காது. ஹோட்டலில் ஒரு பிளேட் 250 கிராம் இருந்தால் அதில் தானியம் 60 கிராம், 210 கலோரி. நெய்யும் டால்டாவும் எண்ணெயுமாக 20 முதல் 30 கிராம், 180 முதல் 270 கலோரி. பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்தே வரக்கூடும். ஆறிய பொங்கலின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு மாதிரி உறைந்திருந்தால் மேல் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டம்ளர் சோதனை

குருமா, சால்னா, கிரேவி மாதிரியான திரவங்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பார்சலில் வரும் குருமாவை விளிம்பும் அடியும் ஒரே அகலத்தில் இருக்கும் ஒரு டம்ளரில் ஊற்றி, மூடி, இரவு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் எண்ணெய் மேலே தனிப் படலமாக நிற்கும். பாமாயில், டால்டா, நெய் என்றால் கெட்டியாகவே உறைந்திருக்கும், ஸ்பூனால் தூக்கி எடை போடலாம். சூரியகாந்தி எண்ணெய் உறையாது, ஆனால் மிதக்கும். கண்ணாடி டம்ளராக இருந்தால் ஸ்கேல் வைத்து உயரத்தை அளக்கலாம்.

உள் விட்டம் 6 செ.மீ. இருக்கும் டம்ளரில் படலம் 5 மி.மீ. உயரம் நின்றது என்று வையுங்கள். வட்டத்தின் பரப்பு 28 சதுர செ.மீ., அரை செ.மீ. உயரத்துக்கு 14 மில்லி. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் 13 கிராம். 115 கலோரி. பரோட்டாவுக்கு இலவசமாகத் தரும் ஒரு கப் சால்னாவில் இவ்வளவு நிற்பது அதிசயம் இல்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம். தேங்காய் விழுது, முந்திரி விழுது, கசகசா, பாலாடை ஆகியவற்றின் கொழுப்பு முழுதாகப் பிரிந்து வராது. துகள்களோடு கலந்தே இருக்கும். எனவே மேலே நிற்பது குறைந்தபட்ச அளவுதான். சிவப்பாக எண்ணெய் மிதக்கும் சால்னாவைப் பார்த்துப் பயந்து, ஒரு சொட்டு எண்ணெயும் மிதக்காத பன்னீர் பட்டர் மசாலாவை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் சால்னா பரவாயில்லை. இரண்டு நிமிடம் அசையாமல் விட்டு, ஸ்பூனை ஓரமாக அடிவரை இறக்கிக் கீழே இருப்பதை எடுத்துக்கொண்டால் பாதி எண்ணெயைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். வெண்ணெயும் கிரீமும் முந்திரியும் சேர்ந்து வழவழப்பாக ஒன்றாகிவிட்ட கிரேவியில் அப்படி விட்டுவிட எதுவும் இல்லை. என் கணக்கில், மிதக்கும் எண்ணெய் நேர்மையான எண்ணெய்.

சர்க்கரை எங்கே

டிபன் ஹோட்டலில் சர்க்கரை எண்ணெய் அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. 1 கிராம் 4 கலோரிதான், அதுவும் பெரும்பாலும் நாக்கில் தெரிந்துவிடும். சில ஹோட்டல்களில் தோசை மாவில் நிறத்துக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். ஒரு தோசைக்கு அரை ஸ்பூன்கூட வராது, விட்டுவிடலாம். உடுப்பி பாணி சாம்பாரில் வெல்லம் இருக்கும், அதுவும் கப்புக்கு ஒரு ஸ்பூனைத் தாண்டாது. மூன்று கப் வாங்கிக் குடிக்கிறவர்கள் மட்டும் கவனிக்கலாம்.

கவனிக்க வேண்டியது குளிர்ச்சியாக வருவதையும் புளிப்பாக வருவதையும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் ஐஸ் போட்ட ஜூஸில் கூடுதலாகப் போட்டால்தான் இனிக்கும். மிச்சம் வைத்த ஜூஸை ஐஸ் கரைந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாகு மாதிரி இருக்கும். புளிப்பும் இதே வேலையைச் செய்கிறது. தக்காளி சாஸில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை, ஆனால் புளிப்பும் உப்பும் அதை மறைத்துவிடும். கோபி மஞ்சூரியன் அந்த சாஸில் புரட்டி வருவதுதான். பொரித்தது, சோளமாவு பூசியது, சர்க்கரை சேர்ந்தது எல்லாம் ஒரே தட்டில்.

காபிக்கு "சர்க்கரை கம்மியா" என்று சொன்னால் எவ்வளவு கம்மி என்பது போடுகிறவர் கையில். "வித்தவுட்" என்ற ஒரே வார்த்தை எல்லா ஹோட்டலிலும் புரியும். வேண்டுமானால் சர்க்கரையைத் தனியாகக் கேட்டு நாமே ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்ளலாம்.

நண்பரின் சனிக்கிழமை

இப்போது அவருடைய 290ஐத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

நெய் ரோஸ்ட். மாவு 130 கிராம், 180 கலோரி. கொழுப்பு 25 கிராம், 225. ஆக 405. வடை 160. தேங்காய்ச் சட்னி அவர் பதியவே இல்லை. "சட்னியெல்லாமா சார் எழுதுவாங்க" என்றார். இரண்டு சின்னக் கிண்ணம் வாங்கியிருக்கிறார். தேங்காய், பொட்டுக்கடலை, தாளித்த எண்ணெய் எல்லாம் சேர்த்து 90. சாம்பார் ஒன்றரை கப், பருப்பும் தாளிப்பும் சேர்த்து 110. காபியில் 100 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, 100. கூட்டினால் 865.

வித்தியாசம் 575. சனியும் ஞாயிறும் இதே டிபன் என்றால் வாரத்துக்கு 1,150. வார நாட்களில் தினம் 400 வீதம் ஐந்து நாளில் அவர் சேர்த்தது 2,000. பாதிக்கும் மேல் இரண்டு காலை வேளைகளில் போய்விட்டது, மதியமும் இரவும் அந்த இரண்டு நாட்களில் எப்படி இருந்தது என்பதற்கு நான் போகவே இல்லை.

ஹோட்டலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவருடைய அப்பாவோடு போய் உட்காரும் நேரம் அது, அதை எடுத்துவிட்டால் இந்த டெஃபிசிட்டே இரண்டு மாதம் தாங்காது. அதே மேசை, அதே ஹோட்டல், வேறு ஆர்டர். இரண்டு இட்லி 190. எண்ணெய் இல்லாமல் என்று சொல்லி வாங்கிய கல்தோசை ஒன்று, மாவுக்கு 125, சொல்லியும் ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெய்க்கு 35, ஆக 160. சாம்பார் அதே ஒன்றரை கப், 110. சட்னி ஒரு கிண்ணம், 45. காபி வித்தவுட், 70. மொத்தம் 575. முன்னதைவிட 290 குறைவு. தட்டில் இருக்கும் சாப்பாட்டின் எடையைப் பார்த்தால் முன்பைவிட அதிகம்.

வடையை விட முடியாது என்றால் ஒரு இட்லியைக் குறைத்துவிட்டு வடை வாங்கலாம், 640 வரும், அதுவும் நடக்கக்கூடிய கணக்குதான். அவருக்கு நான் வேண்டாம் என்று சொன்னது மினி டிபனை மட்டும். பெயரில்தான் மினி. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்று பொங்கலும் கேசரியும் வடையும் தோசையும் ஒரே தட்டில் வரும்போது, மேலே சொன்ன மூன்று வகை எண்ணெயும் சேர்ந்தே வருகின்றன. கேசரியில் ரவையைவிட சர்க்கரை அதிகம்.

மெனுவில் கலோரி போட்டிருந்தால்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும், மத்திய உரிமம் பெற்றவையும், மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. 2020இல் வந்து, 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. தெருமுனை ஹோட்டலுக்கு இது பொருந்தாது. போட்டிருக்கும் இடத்தில் அந்த எண்ணோடு பரிமாறும் அளவு எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள். தோசைக்கு மட்டும் போட்டதா, சட்னி சாம்பாரோடு சேர்த்தா என்பதையும் பாருங்கள். அமெரிக்க உணவகங்களில் 269 பண்டங்களைச் சோதனைக்கூடத்தில் அளந்த ஒரு ஆய்வு 2011இல் ஜாமா இதழில் வந்தது. சராசரி சரியாகத்தான் இருந்தது. ஆனால் 19 சதவீதப் பண்டங்களில், போட்டிருந்ததைவிடக் குறைந்தது 100 கலோரி அதிகம் இருந்தது. இயந்திரம் மாதிரி அளந்து போடும் சங்கிலி உணவகங்களிலேயே இந்த நிலை. அந்த எண்ணை நான் நடுவெல்லையாக எடுத்துக்கொண்டு, எண்ணெய் பளபளப்பு தெரிந்தால் 100 கூட்டிப் பதிகிறேன்.

மறுநாள் காலை எடை

ஹோட்டலில் சாப்பிட்ட மறுநாள் காலை எடை மெஷினில் ஏறினால் 800 கிராமோ ஒரு கிலோவோ கூடியிருக்கும். இதைப் பார்த்து நொந்துபோய் அந்த வாரத்தையே கைவிடுகிறவர்கள் உண்டு. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி, தேவைக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்த நெய் ரோஸ்ட்டும் அவ்வளவு இல்லை. சாம்பாரிலும் சட்னியிலும் இருந்த உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர், வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்ட மாவு தசையில் சேரும்போது கூடவே இழுத்துக்கொண்ட தண்ணீர், இன்னும் வயிற்றை விட்டுப் போகாத சாப்பாடு. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மறுநாள் எடையை வைத்து "நேற்று ஆர்டர் செய்தது சரியா தப்பா" என்று முடிவு செய்ய முடியாது. எண்ணெய் இல்லாத கல்தோசையும் மூன்று கப் சாம்பாரும் சாப்பிட்டாலும் அதே உப்பால் அதே அளவு ஏறும். என் மேலே சொன்ன எண்களில் எது உங்கள் ஹோட்டலுக்குப் பொருந்தவில்லை என்பது மூன்று நான்கு வாரச் சராசரியில்தான் தெரியும். ஏழு நாள் சராசரியை வாரா வாரம் எழுதிக்கொண்டே வாருங்கள். பதிவின்படி இறங்க வேண்டியது 300 கிராம், இறங்கியது 150 என்றால், 150 கிராமுக்கு 1,155 கலோரி எங்கேயோ பதியாமல் போயிருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டை எடை போட்டுத்தான் சாப்பிட்டீர்கள் என்றால், அந்த வாரத்தின் ஹோட்டல் வேளைகளுக்கு அதைப் பங்கு போட்டுக் கூட்டி, அடுத்த மாதம் அந்தப் புது எண்ணைப் போட்டுப் பதியலாம். நண்பருக்கு அவர் ஹோட்டல் பொங்கலின் எண் இப்படித்தான் கிடைத்தது. நான் 480 என்று சொல்லியிருந்தேன், அவருக்கு 560 வந்திருக்கிறது. அந்த ஹோட்டலில் பொங்கல் நன்றாக இருக்கும் என்று ஊரில் சொல்வதற்கு அந்த 80தான் காரணம் போலிருக்கிறது.